சைஃபன் காப்பி: கண்ணுக்கா, நாக்குக்கா?

போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் கேட்ட கேள்வி: "அந்தக் கண்ணாடிக் குடுவை காப்பி மெஷின் வாங்கலாமா?" ரெண்டு வருஷமா ஒண்ணு வச்சிருக்கேன். என் பதில்: சுவைக்காகன்னா வேண்டாம்.

பேர்தான் சைஃபன், உண்மையில் அது சைஃபனே இல்லை. கீழ்க் குடுவையில் தண்ணீர், மேலே இன்னொரு குடுவை, நடுவில் ஒரு குழாய். கீழே சூடாக்கினால் உள்ளே அடைபட்ட காற்றும் நீராவியும் சேர்ந்து தண்ணீரைக் குழாய் வழியே மேலே தள்ளும். தண்ணீர் ஏற வேண்டிய உயரம் 15 சென்டிமீட்டர் அளவுதான். வெளிக் காற்றழுத்தத்தைவிட ஒன்றரை சதவீதம் கூடுதல் அழுத்தம் இருந்தால் அதற்குப் போதும். அதனால் தண்ணீர் கொதிப்பதற்கு ரொம்ப முன்னாடியே ஏற ஆரம்பிச்சிடும்.

நான் முதல்ல ஏமாந்தது இங்கேதான். பச்சைத் தண்ணீரை ஊற்றி, மேல் குடுவையை உடனே அழுத்தி மூடிட்டேன். மேலே வந்த தண்ணீரில் தெர்மாமீட்டரை வச்சா 80 டிகிரிகூட இல்லை. காப்பி புளிச்சுது, சாரமும் இல்லை. இப்போ கெட்டிலில் கொதிக்க வச்ச தண்ணீரை ஊற்றி, மேல் குடுவையைச் சாய்த்து வச்சுட்டு, கீழே நல்லா கொதித்த பிறகுதான் மூடுறேன். மேலே 92 டிகிரி வந்ததும் காப்பித்தூளைப் போட்டு, ஒரு தடவை கலக்கி, ஒரு நிமிஷம் கழிச்சு தீயை எடுத்துடுவேன். கீழே நீராவி குளிர்ந்து தண்ணீராகும், அழுத்தம் சரியும், வெளிக்காற்று மேலே இருக்கிற காப்பியைத் துணி வடிகட்டி வழியே கீழே அழுத்தும். ஒரு நிமிஷத்துக்குள்ள இறங்கணும். பாதியில் நின்னுட்டா தூள் ரொம்ப நைஸா அரைபட்டிருக்குன்னு அர்த்தம்.

ஆக, கோப்பைக்கு வந்து சேர்வது என்ன? நிலையான சூட்டில் ஊறி, துணியில் வடிஞ்ச காப்பி. இதுக்கு ஸ்பிரிட் விளக்கு தேவையா?

சோதிச்சுப் பார்த்தேன். அதே கொட்டை, 20 கிராம் தூள், 300 மில்லி தண்ணீர். ஒரு பக்கம் சைஃபன். இன்னொரு பக்கம் முன்கூட்டியே சூடாக்கின பிரெஞ்சு பிரஸ்ஸில் ஊறவச்சு, அதே மாதிரி துணியில் வடிச்சது. எது எதுன்னு சொல்லாம அக்கா கப்பில் ஊற்றிக் கொடுத்தா. வடிச்ச உடனே குடிச்சப்போ ஆறுக்கு ஆறும் சரியாகச் சொன்னேன். கர்வம் வேண்டாம், சைஃபன் காப்பி அதிகச் சூடா இருந்தது, அவ்வளவுதான். ரெண்டையும் 60 டிகிரிக்கு ஆறவிட்டுக் குடிச்சப்போ ஆறுக்கு மூணு. காசு சுண்டியிருந்தாலும் அதே கணக்குதான்.

டோக்கியோ காப்பிக் கடையில் கவுண்டர் முன்னாடி உட்கார்ந்து, அனுபவமுள்ள ஒருத்தர் மூங்கில் கரண்டியால் கலக்குறதைப் பார்க்கக் காசு கொடுப்பேன். அது வேற விஷயம். வீட்டில் காலை ஒன்பது மணி மீட்டிங்குக்கு முன்னாடி பார்வையாளரும் நான்தான், பாத்திரம் கழுவுறதும் நான்தான்.

குடுவையை விற்கப் போட்டாச்சு. துணி வடிகட்டியை மட்டும் வச்சுக்கிட்டேன், ஃபிரிட்ஜில் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கு. காயவிட்டா காப்பி எண்ணெய் சிக்குப் பிடிச்சு, அடுத்த கப்பே நாறும்.