லயத்துக் கூரையின் டிஷ்ஷும் முப்பதாவது மாதமும்

கண்டியிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாக ஹேவாஹெட்டைக்குப் போகிற எவரும், தோட்டத்து லயங்களின் தகரக் கூரைகளில் வரிசையாக நிற்கும் டிஷ்களைக் காணாமல் போக முடியாது. சில லயங்களில் காம்பராவுக்கு ஒன்று இருக்கிறது. பட்டணத்திலிருந்து வருகிற நண்பர்கள் இதைப் பார்த்துவிட்டு, "தோட்டத்து மக்களுக்கு வசதி வந்துவிட்டது" என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இந்த டிஷ்களில் எத்தனை இந்த மாதம் உயிரோடிருக்கின்றன என்பதை வெளியே நின்று அறிய முடியாது. அதை அறிந்தவர்கள் இருவரே. ஒருவர் சந்தியில் ரீலோட் போடும் கடைக்காரர். மற்றவர், டிஷ்ஷைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போட்ட பணம் எப்போது திரும்பும் என்று கொழும்பிலே கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர். இந்தப் பதிவு அந்த இரண்டாமவரின் கணக்கைப் பற்றியது.

செய்மதித் தொலைக்காட்சி வியாபாரத்தில் ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்கும் செலவு முழுவதும் முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. டிஷ், பெட்டி, வயர், பூட்டுகிறவரின் கூலி, முகவரின் கமிஷன் எல்லாம் அன்றே கொடுபட வேண்டியவை. வருமானமோ மாதா மாதம் சிறு சிறு தொகையாக வருகிறது. இலங்கையில் டயலொக் நிறுவனம் 2006 இறுதியில் ஏற்கெனவே இயங்கிய ஒரு சேவையை வாங்கி, 2007இல் தன் பெயரில் இந்தத் தொழிலுக்குள் வந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இந்தியாவிலும் டாட்டா ஸ்கை, சன் டைரக்ட் முதலியவை களமிறங்கின. எந்த நாட்டிலானாலும் அடிப்படை ஒன்றுதான்: பெட்டியை நட்டத்துக்குக் கொடு, சந்தாவில் மீட்டுக்கொள்.

மீட்க எத்தனை மாதம் ஆகும்? கணக்கை விளங்கிக்கொள்வதற்காக நானே சில தொகைகளை வைத்துக்கொள்கிறேன். இவை எந்த நிறுவனத்தின் ஏட்டிலிருந்தும் எடுத்தவையல்ல. ஒரு வீட்டுக்கு டிஷ் பூட்ட மொத்தச் செலவு 12,000 ரூபா. வீட்டுக்காரர் கொடுப்பது 4,000. நிறுவனம் கையிலிருந்து போடுவது 8,000. மாதச் சந்தா 1,000 ரூபா.

அவசரக்காரர்கள் உடனே 8,000ஐ 1,000ஆல் பிரித்து எட்டு மாதம் என்பார்கள். ஆனால் அந்த ஆயிரத்தில் வரி போகிறது. அலைவரிசைக்காரர்களுக்கான பங்கு போகிறது. ரீலோட் கடைக்காரரின் கழிவு போகிறது. இவை போக ஒரு வீட்டின் பேரில் மிஞ்சுவது 400 என்று வைத்துக்கொள்வோம். அந்த 400தான் கடனை அடைக்கும் பணம். ஆகவே எட்டு மாதமல்ல, இருபது மாதம்.

இந்த இருபது மாதமும் உண்மையல்ல. பூட்டிய வீடுகள் எல்லாம் இருபது மாதமும் தங்கியிருக்கும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நூறு வீடுகளை எடுத்துக்கொள்வோம். போட்ட பணம் 8 இலட்சம். ஒவ்வொரு மாதமும், எஞ்சியிருக்கிற வீடுகளில் நூற்றுக்கு மூன்று நின்றுவிடுகின்றன. ஒரு குடும்பம் கொழும்புக்குப் போய்விடுகிறது. இன்னொரு வீட்டில் பெட்டி இடிமின்னலில் கருகிவிடுகிறது. வேறொரு வீட்டில் மகன் கைபேசியிலேயே எல்லாவற்றையும் பார்க்கப் பழகிவிடுகிறான். முதல் மாதம் 40,000 ரூபா வருகிறது. பிறகு அது தேய்ந்துகொண்டே போகிறது. பன்னிரண்டு மாத முடிவில் சேர்ந்திருப்பது 4 இலட்சத்துச் சொச்சம். எல்லாம் மீண்டுவிடும் என்று எழுதிவைத்த இருபதாவது மாதத்தில் 6 இலட்சத்துச் சொச்சமே கையில் இருக்கிறது. நூறில் 54 வீடுகளே மிஞ்சியிருக்கின்றன. 8 இலட்சம் சேருவது முப்பதாவது மாதத்தில். அப்போது எஞ்சியவை 40 வீடுகள்.

இனி விலகுவோர் மாதம் நூற்றுக்கு ஐந்து என்று மாற்றிப் பாருங்கள். மூன்று ஐந்தானால் இன்னும் சில மாதங்கள் கூடும் என்றுதான் எவரும் எண்ணுவர். கணக்கு அப்படி நடந்துகொள்வதில்லை. மாதந்தோறும் வரும் 400ஐ ஐந்து வீதத்தால் பிரித்தால் கிடைப்பது 8,000. ஒரு வீடு தன் வாழ்நாள் முழுவதிலும் சராசரியாகக் கொடுக்கக்கூடிய உச்சத் தொகை அதுதான். போட்ட பணமும் அதேதான். வரவு 8,000ஐ நெருங்கிக்கொண்டே போகும், ஒருபோதும் அதைத் தொடாது. வட்டியை நான் இன்னும் சேர்க்கவேயில்லை. வானத்திலே செய்மதிக்குக் கொடுக்கும் வாடகையையும் சேர்க்கவில்லை. அது வீடு கூடினாலும் குறைந்தாலும் மாறாத செலவு; முதல் மீண்ட பிறகு வரும் பணத்திலிருந்தே அதைக் கொடுத்தாக வேண்டும்.

ஹேவாஹெட்டையில் கணக்கு வேறொரு விதத்திலும் திரிகிறது. தோட்டத்துச் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டி வருகிறது; இடையில் ஒரு அட்வான்ஸ். மழை பெய்து கொழுந்து நின்ற மாதத்தில் பேர் குறைகிறது. பேர் குறைந்தால் சம்பளம் குறைகிறது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது உண்மை. ஆனால் மாதச் சம்பளத்தைத் தீர்மானிப்பது எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள் என்பதே. எனவே இங்கே முற்கொடுப்பனவுதான் வழக்கம். கையில் பணம் இருக்கும் மாதம் ரீலோட், இல்லாத மாதம் இருட்டுத் திரை. வீட்டுக்காரர் விலகவில்லை. நிறுவனத்தின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. பணம்தான் வரவில்லை.

ஒரு வீடு பன்னிரண்டு மாதத்தில் எட்டு மாதமே ரீலோட் போடுகிறது என்றால், மாதம் 400 என்பது சராசரி 267 ஆகிவிடுகிறது. எவருமே விலகாவிட்டாலும் முப்பது மாதம் ஆகும். அதோடு மூன்று வீத விலகலையும் சேர்த்தால் ஏறத்தாழ 76 மாதம். ஆறு ஆண்டுகளுக்கு மேல்! மலைநாட்டு மழையிலும் மின்னலிலும் அந்தப் பெட்டி அத்தனை காலம் உழைக்குமா என்பதே முதற்கேள்வி.

இந்தப் பகுதியில் டிஷ் பூட்டும் இளைஞர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது என் காகிதக் கணக்கைவிடக் கூர்மையானது. "தீபாவளிக்கு முந்தின ரெண்டு கிழமைதான் ஐயா எங்களுக்கு அறுவடை. அட்வான்ஸ் காசு கையில இருக்கும். கேட்ட வீட்டுக்கெல்லாம் பூட்டுவோம். தை மாசம் போய்ப் பார்த்தா பாதி வீட்டில படம் ஓடாது." காரணத்தை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. தீபாவளி முற்பணம் இனாமல்ல. அடுத்த மாதங்களின் சம்பளத்திலிருந்து தவணை தவணையாக வெட்டப்படுவது. அதாவது டிஷ்ஷை வாங்க உதவிய அதே பணம்தான், பின்னர் ரீலோட்டுக்கு வேண்டிய பணத்தைத் தின்கிறது. ஐப்பசியில் பூட்டிய வீடுகளையும் சித்திரையில் பூட்டிய வீடுகளையும் ஒரே பேரேட்டில் கலந்து சராசரி பார்க்கிறவருக்கு இது ஒருநாளும் தெரியவராது. பூட்டிய மாதவாரியாக வீடுகளைப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் மூன்றாம் மாதம் எத்தனை வீடு ரீலோட் போட்டது, ஆறாம் மாதம் எத்தனை, பன்னிரண்டாம் மாதம் எத்தனை என்று பார்த்தால், கால்வருடம் கழிவதற்குள் உண்மை முகம் காட்டிவிடும். "இத்தனை இலட்சம் இணைப்புகள்" என்ற விளம்பரத் தொகையைப் பத்திரிகையாளராகிய நாங்களும் அப்படியே அச்சிட்டுவருகிறோம். அந்தத் தொகை எதையும் சொல்வதில்லை.

வியாபாரம் வளர வளர நிலைமை சீராகும் என்பார்கள். முதற்கட்டத்தில் நடப்பது நேர்மாறானது. மாதம் நூறு வீடு என்று விடாமல் பூட்டிக்கொண்டே போகிற நிறுவனம் மாதந்தோறும் 8 இலட்சம் போடுகிறது. பழைய வீடுகளிலிருந்து வரும் பணம் அந்த 8 இலட்சத்தை எட்டுவதும் அதே முப்பதாவது மாதத்தில்தான். அதுவரை பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகும். அடியைத் தொடும்போது பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 98 இலட்சம், அதாவது ஒரு மாதச் செலவின் பன்னிரண்டு மடங்கு. இரட்டிப்பு வேகத்தில் பூட்டினால் பள்ளமும் இரட்டிப்பு. இதை வங்கிக் கடனில் தாண்ட நினைத்தவர்களுக்கு 2022 என்ன செய்தது என்பதை இலங்கை வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மத்திய வங்கி ஏப்ரலில் ஒரே நாளில் கொள்கை வட்டியை ஏழு புள்ளிகள் உயர்த்தியது. வங்கிக் கடன் வட்டி அவ்வாண்டிலேயே இருபது வீதத்தைத் தாண்டியது. பெட்டி டொலரில் வருகிறது, வெளிநாட்டு அலைவரிசைக்குக் கொடுப்பதும் டொலரில், சந்தாவோ ரூபாவில், அதுவும் தேயிலை கொழுந்தெடுக்கிற கையிலிருந்து. கணக்கின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கெட்டன.

பெரிய நாடுகளிலும் இது நடந்திருக்கிறது. பிரித்தானியாவில் ஸ்கை நிறுவனம் 1999இல் பெட்டியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. போட்டிக்கு நின்ற ஒன்டிஜிட்டலும் வேறு வழியின்றி அப்படியே கொடுத்தது. ஸ்கையின் சந்தாதாரர் தங்கினார்கள். மற்றதன் சந்தாதாரர் வேகமாக உதிர்ந்தார்கள். ஐடிவி டிஜிட்டல் என்று பெயர் மாற்றியும், உதைபந்தாட்ட உரிமைக்கு 31.5 கோடி பவுண் ஒப்புக்கொண்டும் பயனில்லை. 2002 மார்ச்சில் அது முறிந்தது. இலண்டனில் வாழும் நம்மவர் சிலருக்கு அந்தப் பெட்டி நினைவிருக்கலாம்.

இந்த மலைக்கு இப்படிப்பட்ட கணக்கு புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹேவாஹெட்டைக்கு அயலில்தான் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட இடம். நட்ட செடி மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒழுங்கான கொழுந்து தராது. அதுவரை செலவு மட்டுமே. ஆனால் தேயிலைச் செடி கழன்று போவதில்லை. பல பத்தாண்டுகள் நின்ற இடத்தில் நிற்கும். அதனால்தான் அந்த நீண்ட காத்திருப்பைத் துரைமார் தாங்கினார்கள். காத்திருப்பின் ஒரு பகுதியைத் தாங்கியவர்கள் லயத்தில் இருந்தவர்கள் என்பது வேறு கதை.

என் அபிப்பிராயம் இது. தோட்டப் பகுதிகளில் பணம் மீளவில்லை என்பதற்காக இந்த மக்களை 'தரமற்ற வாடிக்கையாளர்' என்று ஒதுக்குவது தவறு. கமிஷன் கொடுக்கும் முறையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பூட்டிய அன்றே முழுக் கமிஷனும் கையில் விழுந்தால், முகவர் தீபாவளி வாரத்தில் கேட்ட வீட்டுக்கெல்லாம் பூட்டத்தான் செய்வார். அது அவர் குற்றமல்ல. என் கணக்கில் அந்தக் கமிஷன் 1,500 என்று வைப்போம். அதை நிறுத்தி, அந்த வீட்டின் ஒவ்வொரு ரீலோட்டுக்கும் அவருக்கு 50 ரூபா கொடுத்தால், முதலீடு 6,500 ஆகிறது, மிஞ்சுவது 350. விலகல் மூன்று வீதமாகவே இருந்தாலும் மீளும் காலம் 27 மாதம். முகவர் ஆள் பார்த்துப் பூட்டி, கெட்ட வயரை ஓடிப்போய் மாற்றிக் கொடுத்து, விலகலை இரண்டு வீதமாக்கினால் 23 மாதம். வீடு ஒழுங்காக ரீலோட் போட்டுவந்தால் அவருக்கும் 1,500க்குப் பதில் சராசரி 2,500 ரூபா வந்து சேரும். சம்பளத் திகதியோடு பொருந்துகிற வாரப் பொதி ஒன்றையும் வைத்தால், எட்டு மாத ரீலோட் ஒன்பது பத்தாகவும் கூடும்.

இதை அந்த இளைஞரிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "அம்பது அம்பதா வாறது சரிதான் ஐயா. ஆனா ஏணியும் மோட்டார் சைக்கிளும் கடனுக்கு எடுத்தது. முதல் ஆறு மாசம் நான் எதைக் கட்டுறது?" நிறுவனத்தின் பள்ளத்தை முகவரின் முற்றத்துக்கு நகர்த்துவதாக அந்த யோசனை முடிந்துவிடக் கூடாது. பூட்டும் கூலியாக 500 ரூபாவை முதல் நாளே கொடுத்து, மீதியை ரீலோட்டோடு சேர்க்கலாம் என்றேன். "எழுதுங்க ஐயா, பார்ப்பம்" என்றார்.