படம் அனுப்பிக் கணக்குக் கேட்பவர்களுக்கு நாம் என்ன பதில் அனுப்புகிறோம்?

சாதாரண தரத்தில் கணிதம் மட்டும் தவறி, வேலைக்குப் போய்க்கொண்டே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மீண்டும் எழுதும் பிள்ளைகள் நம் ஊர்களில் அதிகம். இரவு வேலை இடைவேளையில் புத்தகக் கணக்கைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். காலையில் பார்க்கும் நாம் முழு விடையையும் எழுதித் திருப்பி அனுப்புகிறோம். அவர்களும் "நன்றி சேர்" என்று போடுவார்கள். அடுத்த வாரம் அதே வகைக் கணக்கு மறுபடி வரும்!

அவர்களின் கணக்கை நாம் செய்யக்கூடாது என்பது எங்கள் கருத்து. அதற்காக "நீயே முயற்சி செய்" என்று கைவிடுவதும் சரியில்லை. அவுஸ்திரேலியாவில் ஸ்வெல்லரும் கூப்பரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், செய்துகாட்டிய அட்சரகணித உதாரணங்களைப் படித்தவர்கள், வெறுமனே கணக்குகளைச் செய்து பழகியவர்களைவிட அதே மாதிரிக் கணக்குகளை விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்தார்கள். எனவே வேறு எண்கள் கொண்ட ஒரு கணக்கை முழுதாகச் செய்து அனுப்புவோம். அவர்களின் கணக்கு அவர்களிடமே இருக்கட்டும்.

ஆடைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் ஒரு தம்பி கேட்ட கணக்கு இது: 3(x − 2) − 2(x − 5) = 10. நாங்கள் அனுப்பியது 4(x − 1) − 3(x − 2) = 7. அதை 4x − 4 − 3x + 6 = 7 என விரித்து, x = 5 என்று முடித்தோம். பிறகு அவருடைய கொப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். புத்தகத்தின் படத்தில் பிழை தெரியாது, கொப்பியின் படத்தில்தான் தெரியும். அதில் 3x − 6 − 2x − 10 = 10, x = 26 என்று இருந்தது.

எங்கே பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. முதலில் 26ஐ இடச் சொன்னோம். 72 − 42 = 30, பத்து வரவில்லை. பிறகு ஒவ்வொரு வரியின் இடப்பக்கத்திலும் x = 10 இடச் சொன்னோம். முதல் வரி 24 − 10 = 14. இரண்டாம் வரி 30 − 6 − 20 − 10 = −6. அடைப்பை நீக்கிய இடத்தில்தான் கோளாறு என்பதை அவரே கண்டுபிடித்தார். 1ஐ விட்டு 10ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. 1ஐ இட்டால் அடைப்புக்குள் மறை எண் வரும், அவர் தடுமாறுவதும் அதில்தான். + 10 என்று திருத்தியதும் இரண்டாம் வரியும் 14 ஆனது, x = 6 வந்தது. சரிபார்த்தால் 12 − 2 = 10.

அதன் பிறகு அவருடைய கேள்விகள் மாறின. "விடை என்ன சேர்?" என்பது போய், "மூன்றாம் வரியில் பிழைக்குது, ஏன் சேர்?" என்று வர ஆரம்பித்தது. இரவு இரண்டு மணிக்குச் சரியா பிழையா என்று தானே தெரிந்துகொள்ள முடிகிறதே!

ஆனால் கேத்திரகணித நிறுவல்களுக்கு இந்த வழி உதவாது. இட்டுப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. அதற்கு லீவு நாளில் நேரில் வரச் சொல்லி, உருவை வரைந்துதான் விளங்கப்படுத்துகிறோம்.