1.06 யாருடைய எண்?

T2 = T1 × (D2/D1)^1.06. பீட் ரீகல் 1977-இல் தந்த இந்தச் சூத்திரத்தின் 1.06-ஐ எல்லார் காலிலும் கட்டிவிடுவது என்ன நியாயம்? தூரம் கூடக்கூட எவ்வளவு தளர்கிறோம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சொந்த எண்ணுக்கு இரண்டு பந்தயம் போதும்:

k = ln(T2/T1) / ln(D2/D1)

குல்வீர் சிங் 2025-இல் 5000 மீட்டரை (உள்ளரங்கில்) 12:59.77-லும், 10000 மீட்டரை 27:00.22-லும் ஓடினார். அவருக்கு k 1.055, ரீகலின் எண் ஏறக்குறைய சரி.

அஸ்தம்பட்டியில் வேலைக்கு முன் ஓடுகிற ஒருவர் 10 கி.மீ.யை 50 நிமிடத்திலும் அரை மாரத்தானை 115 நிமிடத்திலும் முடிக்கிறார் என்று வையுங்கள். அவர் k 1.116. முழு மாரத்தானுக்கு 1.06 நாலு மணி நேரம் என்று ஆசை காட்டும்; சொந்த எண் 4:09 என்று கையைப் பிடித்து நிறுத்தும்.

ஒரு எச்சரிக்கை. அதே ஆள் 10 கி.மீ.யைச் சோம்பலாக 52 நிமிடத்தில் ஓடியிருந்தால் k 1.063 ஆகிவிடும்! ஆகவே ஒரே பருவத்தில், முழு மூச்சாய் ஓடிய இரண்டை மட்டும் எடுங்கள்.