காய்ப்பு காய்த்த கைக்கு என்ன விதி?

ஒரு கையின் கதையிலிருந்து தொடங்குவோம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருபது வருடமாகச் சித்தாள் வேலை பார்க்கிறார். திருவிழாவில் கைரேகை பார்ப்பவரிடம் இடது கையை நீட்டினார். பெண்ணுக்கு இடது, ஆணுக்கு வலது என்பது அவர்கள் கணக்கு. அவர் ரேகைக்கே போகவில்லை. உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். "கரடுமுரடான கைம்மா. உழைச்சே சாப்பிடணும். உன் பிள்ளைங்களுக்கும் படிப்பு கொஞ்சம் மட்டுதான்" என்றார். அக்காவின் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அந்த வாரமே வீட்டில் கல்லூரிப் பேச்சு நின்றுபோனது.

இதை அந்த ஒரு ஜோசியரின் வாய்த்துடுக்கு என்று விட்டுவிட முடியாது. மென்மையாகச் சிவந்த உள்ளங்கை செல்வத்தின் அடையாளம், சொரசொரப்பான கை வறுமையின் அடையாளம் என்பது சாமுத்திரிகா லட்சணம். மேற்கிலும் இதே கதைதான். 1900-இல் வில்லியம் பென்ஹாம் என்ற அமெரிக்கர் 'விஞ்ஞானபூர்வமான' கைரேகைப் புத்தகம் ஒன்றை எழுதினார். தோலின் நயத்தை வைத்துப் பண்பையும், கையின் இறுக்கத்தை வைத்து ஊக்கத்தையும் அளக்கலாம் என்றார். வேலை செய்யாத கையை உயர்ந்தது என்றும் வேலை செய்த கையைத் தாழ்ந்தது என்றும் வைத்துவிட்டு, அதைப் பிறவிக்குணம் என்கிறார்கள். இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை.

உண்மையில் காய்ப்பு என்பது என்ன? ஒரே இடத்தில் உரசலும் அழுத்தமும் திரும்பத் திரும்ப விழுந்தால், தோல் தன்னைக் காத்துக்கொள்ள மேலடுக்கைத் தடிப்பாக்குகிறது. சித்தாளுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. ஈர சிமெண்டில் காரம் அதிகம். அது தோலை வறட்டி வெடிக்க வைக்கும். உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்பு தூக்கும் பணக்கார வீட்டுப் பையனுக்கும் விரல்களின் அடியில் காய்ப்பு விழும். யார் பிழைப்புக்குத் தூக்கினார், யார் பொழுதுபோக்குக்குத் தூக்கினார் என்பதைக்கூடக் காய்ப்பு சொல்லாது. பிறகு எப்படி அது மகளின் படிப்பைச் சொல்லும்?

கையின் சூட்டுக்கு வருவோம். விரல் நுனிகளில் உள்ள சிறு ரத்தக் குழாய்களை நரம்புகள் திறந்து மூடுகின்றன. பயந்தால் அவை சுருங்கி, கை சில்லிட்டுப் போகும். உள்ளங்கை வியர்ப்பதும் பதற்றத்தால்தான். ஜோசியர் முன் உட்கார்ந்தவருக்குக் கை ஜில்லென்று இருந்தால், அவர் அந்த நேரத்தில் பயந்திருக்கலாம், அல்லது குளிராக இருக்கலாம். "மனசுல ஒரு கவலை இருக்கு" என்ற வரி எல்லோருக்கும் பொருந்துவது இதனால்தான். கவலை இல்லாதவர் அங்கே எதற்குப் போகிறார்?

நிறத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உடல் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் உள்ளங்கையில் நிறமி குறைவு. அதனால் அங்கே ரத்தத்தின் நிறம் தெரியும். குழந்தையின் உள்ளங்கை வெளுத்திருக்கிறதா என்று பார்த்து ரத்தசோகையைச் சந்தேகிக்கச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சாமுத்திரிகம் 'செல்வம்' என்று புகழும் சிவந்த உள்ளங்கையோ, நாள்பட்ட கல்லீரல் நோயிலும் வரும், கர்ப்பகாலத்திலும் வரும். ஆனால் மருத்துவர் நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டதும் ரத்தத்தைச் சோதிப்பார், தவறென்றால் கைவிடுவார். ஜோசியர் தன் வாக்கைச் சோதிப்பதே இல்லை.

அக்காவின் கதை முடியவில்லை. அடுத்த வருடம் சாரத்திலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது உள்ளங்கையில் பழைய தோல் செதில் செதிலாக உரிந்தது. கொஞ்ச நாளில் அடியிலிருந்து மெத்தென்ற கை வந்தது. வலது கை அப்படியே கரடாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்களிடம் காட்டிச் சிரித்தார்: "இப்ப எந்தக் கைக்குப்பா என் தலையெழுத்து?"

அதே ஆள், அதே ரேகை. ஆறு வாரம் வேலை இல்லாததால் 'உழைத்தே சாகும்' கை 'சொகுசுக்கை' ஆகிவிட்டது. அந்த ஆறு வாரமும் கூலி இல்லை, வீடு கடனில் ஓடியது. அதை அந்த மென்மையான கையில் யாரும் படிக்க முடியாது.

வேலைக்குத் திரும்பிய சில மாதங்களில் காய்ப்பும் திரும்பிவிட்டது. ஒரு வருடம் வீணான பிறகு, மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார். விண்ணப்பத்தில் அக்கா அந்தக் கையால்தான் கையெழுத்துப் போட்டார்.