ஓரக்கல் மறைந்தால் அது 15 செ.மீ. அல்ல

சாலையோரக் காணொளிகளிலிருந்து வெள்ள ஆழத்தைக் கணிக்கும் ஆய்வுகளில் எனக்கு நீண்ட நாளாக ஒரு முரண்பாடு உண்டு. நடைபாதையின் ஓரக்கல் நீரில் மறைந்ததும் தரவில் ‘15 செ.மீ.’ என்று எழுதிவிடுகிறோம். மறைந்த கல் தருவது அளவன்று, கீழ்வரம்பு மட்டுமே. அதற்கு மேல் நீர் எவ்வளவு நிற்கிறது என்பதைக் கல் அறியாது.

அந்த 15 என்ற எண்ணும் ஐயத்துக்குரியது. அது கல்லைப் பதித்தபோது வரைபடத்தில் இருந்த உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய அடுக்கைப் போடும்போதெல்லாம் சாலை உயர்கிறது, கல் குட்டையாகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நடைபாதையில் ஒரு கம்பம். அடியிலிருந்தே கறுப்பு வெள்ளைப் பட்டைகள், ஒவ்வொன்றும் 30 செ.மீ. காணொளியில் முழுப் பட்டை 60 பிக்சல். அடிப்பட்டையில் தெரிவது 42 பிக்சல். ஆக, 21 செ.மீ. வெளியே, 9 செ.மீ. நீருக்குள். இது நடைபாதையின் மேல் உள்ள ஆழம். ஓரக்கல் 15 என்று கொண்டால் சாலையோரத்தில் 24 செ.மீ. நீர் வடிந்தபின் நேரில் அளந்து, கல் இப்போது 9 செ.மீ. தான் என்று கண்டால் 18 செ.மீ. சாலை நடுவே உயர்ந்து இருபுறமும் சரிவது. 2 விழுக்காட்டுச் சரிவில் 3.5 மீட்டர் உள்ளே சென்றால் தரை 7 செ.மீ. உயரும். அங்கே ஆழம் 11 செ.மீ. மட்டுமே. ஒரே காட்சி, மூன்று விடைகள். ஆம்புலன்ஸை அவ்வழியே அனுப்பலாமா என்பது இவற்றில் எதை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது.

பிக்சலை எண்ணும்போது பெரிதும் ஏமாற்றுவது பிரதிபலிப்பு. அசையாத நீரில் கம்பத்தின் நிழலுருவம் கம்பத்தோடு ஒட்டி நிற்கும். அதையும் சேர்த்து எண்ணினால் ஆழம் குறைந்து தெரியும். பட்டைகளின் வரிசை எங்கே தலைகீழாகத் திரும்புகிறதோ, எங்கே விளிம்பு நடுங்கத் தொடங்குகிறதோ, அதுவே நீர்க்கோடு. வண்டி கடந்தபின் அலை அடங்கிய சில நொடிகளின் காட்சிகளைப் பலமுறை படித்து இடைநிலை அளவை எடுப்பது நல்லது.

குறியிட்ட அளவுகோல் இருந்தாலும் அதன் சுழியம் எந்தத் தரையைக் குறிக்கிறது என்று கேட்க வேண்டும். 2020 ஜூலையில் ஓர் ஓட்டுநர் மூழ்கி இறந்த தில்லி மின்டோ பாலத்தின் அடிச்சாலையைப் போல, இருபுறமும் சரிந்து இறங்கும் இடங்களில் இது உயிர்ப் பிரச்சினை. சரிவின் மேற்பகுதியில் உள்ள ஒரு கம்பம் காட்டும் முழங்கால் ஆழம், பாலத்தடியில் ஆளை மூழ்கடிக்கும் ஆழமாக இருக்கலாம்.

ஆகவே ஆழம் என்ற ஒற்றைப் பத்தியோடு வரும் தரவுத்தொகுப்பை நான் ஏற்பதில்லை. எந்தப் பொருளைக் கொண்டு அளந்தது, அதன் அடி எந்தத் தரையில், உலர்ந்த நாளில் யாரேனும் நாடாவைப் பிடித்துப் பார்த்தார்களா, கிடைத்தது அளவா கீழ்வரம்பா என்பவையும் உடன் வேண்டும்.