85 என்றார்கள், எதில் 85?

வெளிநாட்டில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு என்றாவது ஒருநாள் ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வரும். "உனக்குத்தான் அங்க பாஷை தெரியுமே, நம்ம ஆளுங்க மெஷின் பார்க்க வர்றாங்க, ஒரு நாள் கூடப் போய்ட்டு வாயேன்." பாஷை தெரிந்தால் போதும், மொழிபெயர்த்துவிடலாம் என்பது பொதுவான நம்பிக்கை. பலெர்மோவில் இருக்கும் ஈழத்து நண்பர்களுக்கும் இதே கதைதான், வட இத்தாலியில் இருக்கும் எனக்கும் இதே கதைதான். பாஷை தெரிவது அதில் பாதி வேலைகூட இல்லை. பேசுபவரை எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் மீதி, லட்சக்கணக்கான ரூபாய் மாட்டிக்கொள்வதும் அந்த இடத்தில்தான்.

ஒரே ஒரு விஷயத்தை வைத்துச் சொல்கிறேன். எங்கள் ஊர் திருவனந்தபுரம். அங்கே கரமனையில் பல தலைமுறையாக இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு பாறசாலைக்குப் பக்கத்தில் முந்திரித் தொழிற்சாலை உண்டு. எங்கள் பக்கத்தில் யாரும் முந்திரி ஃபாக்டரி என்று சொல்வதில்லை, 'அண்டி ஆபீஸ்' என்பார்கள். அண்ணனும் தம்பியும் தோட்டண்டியை உடைக்கும் மெஷின் வாங்க இத்தாலிக்கு வந்தார்கள். மூத்தவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

அவர்கள் வருவதற்கு முன் நான் விடுமுறையில் ஊரில் இருந்தேன். இத்தாலியக் கம்பெனியின் விவரப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போகலாம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நான் முதலில் போனது அண்டி ஆபீசுக்கு. வாங்குபவர் தன் தொழிலை எந்தச் சொல்லால் யோசிக்கிறாரோ அந்தச் சொல் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அங்கே ஓட்டை உடைப்பது 'தல்லு'. அடுப்பறையில் காயவைப்பது 'போர்மா'. காய்ந்த பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் 'தொலி'. சுத்தத் தமிழில் 'தோல் நீக்குதல்' என்று நான் சொல்லியிருந்தால் அவர்களுக்கு அது ஓடா, தொலியா என்று தெரியாது. இத்தாலியனில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஓட்டை நீக்குவது 'ஸ்குஷாத்தூரா', தொலியை நீக்குவது 'பெலாத்தூரா'. இரண்டும் வேறு வேலை, வேறு மெஷின். ஒரு நாள் முழுக்க அங்கே நின்று முப்பது நாற்பது சொற்களை எழுதிக்கொண்டேன். அதற்குமேல் தேவைப்படவில்லை.

இனி இத்தாலிக்கு வருவோம். மெஷின் முன்னால் நிற்கிறோம். அங்கே பொறுப்பாளர் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் பேசினார். சாரம் இது: இந்த வரிசை மணிக்கு 500 கிலோ உடைக்கும். முழுப்பருப்பு 85 சதவீதம் வரை கிடைக்கும், ஆனால் கொட்டையை நான்கு அளவாகப் பிரித்திருக்க வேண்டும், ஆவியில் வேகவைத்து ஓர் இரவு ஆறவிட்டிருக்க வேண்டும். சிறிய கொட்டையென்றால் 75-க்கு இறங்கலாம். பிளேடுகள் விலையில் சேராது.

இத்தாலியனில் வாக்கியம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். முதலில் '85' வந்துவிடும். அதற்குப் பிறகுதான் 'புர்கே' என்று ஒரு சின்னச் சொல் வரும், அதன் பின்னால் நிபந்தனைகள் வரிசை கட்டி நிற்கும். நம் தமிழில் தலைகீழ். 'இப்படிச் செய்தால், இப்படி இருந்தால்' என்று நிபந்தனை முன்னால் வந்து, பலன் கடைசியில் வரும். இது இலக்கண வகுப்பு விஷயம் மட்டுமில்லை. அவசரப்பட்டு "85 சதவீதம்" வந்ததுமே கையைக் காட்டி நிறுத்தி மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? அண்ணாச்சியின் காதில் 85 விழும். அடுத்த நொடியே தம்பியிடம் திரும்பி ஒரு மூட்டைக்கு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். அதன் பிறகு நான் சொல்லும் நிபந்தனை யார் காதிலும் ஏறாது. நிபந்தனை சொல்லப்பட்டது, ஆனால் கேட்கப்படவில்லை. பின்னாளில் சண்டை வந்தால் "நாங்க சொன்னோமே" என்று அவர்கள் சொல்வதும் உண்மை, "எங்களுக்கு யாரும் சொல்லலையே" என்று இவர்கள் சொல்வதும் உண்மை.

அதனால் வாக்கியம் முடிந்ததா என்று பார்த்து நிறுத்தாதீர்கள், ஒரு விஷயம் முடிந்ததா என்று பார்த்து நிறுத்துங்கள் என்பேன். பாவம், எனக்குச் சிரமமாக இருக்கும் என்று நினைத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்திவிடும் இத்தாலியர்கள் உண்டு. அவர்களிடம் காலையிலேயே சொல்லிவிடுவேன்: "எண் சொன்னால் அதன் நிபந்தனையையும் சேர்த்துச் சொல்லி முடியுங்கள், அப்புறம் எனக்கு வழி விடுங்கள்." நிறுத்தாமல் பத்து நிமிடம் பேசுபவர் இன்னொரு வகை. அவருக்கு, நோட்டுப் புத்தகத்தில் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தால் நான் பேச வேண்டும் என்று அர்த்தம். எனக்கு ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரை வசதி. மெஷின் ஓடும்போது யாரும் பேசக்கூடாது என்பதும் காலையிலேயே செய்துகொள்ளும் ஒப்பந்தம். பேச்சு முதலில், அமைதியான இடத்தில். பிறகு போய்ப் பார்க்கலாம். மறுபடி வெளியே வந்து கேள்வி. இரண்டு மணி நேரச் சுற்று என்று அவர்கள் திட்டம் போட்டிருந்தால் நாலு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு தடவை சொல்லப்படுகிறதே!

குறிப்பு எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 1956-இல் ஜெனீவாவில் ரோசான் என்பவர் இதற்காகவே ஒரு சிறிய புத்தகம் போட்டார். இன்றும் மொழிபெயர்ப்புப் பள்ளிகளில் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சொல்லை எழுதாதே, கருத்தை எழுது. பக்கவாட்டில் எழுதாதே, மேலிருந்து கீழாக எழுது. கருத்துகளை இணைக்கும் 'ஆனால்', 'அதனால்', 'என்றால்' ஆகியவற்றை விட்டுவிடாதே. இந்த மூன்றும் போதும். மேலே சுருள் கம்பி போட்ட, கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். நின்றுகொண்டு எழுத வேண்டும், ஒரு கையால் திருப்ப வேண்டும். அந்த ஒன்றரை நிமிடத்துக்கு என் நோட்டில் இருந்தது இவ்வளவுதான்:

500 கி / மணி
என்றால் 4 அளவு, ஆவி + 1 இரவு
→ 85 வரை (முழு)
சிறுசு → 75?
பிளேடு ✗ விலை
――――

'என்றால்' என்பது 85-க்கு மேலே இருப்பதைப் பாருங்கள். அவர் சொன்னது 85-க்குப் பிறகு. 85 விழுந்ததும் அதைப் பக்கத்தின் நடுவில் எழுதி, அதற்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு வைப்பேன். நிபந்தனை வந்ததும் அந்த இடத்தில் போட்டுவிடுவேன். நோட்டிலேயே வாக்கியம் தமிழாகிவிடுகிறது. பேசும்போது மேலிருந்து கீழே படித்தால் போதும். "நாலு சைஸா பிரிச்சு, ஆவியில வேகவச்சு, ஒரு ராத்திரி ஆறவிட்டா, அதிகபட்சம் 85 வரைக்கும் முழுசா வரும்ங்கிறார் அண்ணாச்சி." அந்த 'வரை' முக்கியம். இத்தாலியனில் 'ஃபீனோ' என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார்கள். '75' பக்கத்தில் கேள்விக்குறி இருப்பது 'இறங்கலாம்' என்றார், 'இறங்கும்' என்று சொல்லவில்லை என்பதற்காக. கடைசியில் குறுக்குக் கோடு, அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கோடு போடாவிட்டால் அடுத்த பேச்சின் எண் இதோடு ஒட்டிக்கொள்ளும்.

அண்ணாச்சி தலையாட்டிக்கொண்டே "சரி... சரி..." என்றார். பொறுப்பாளரின் முகம் மலர்ந்தது. நம் 'சரி' என்பது 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்' என்று மட்டும்தான். அதை இத்தாலியனில் 'சம்மதம்' என்று மாற்றினால் விலை பேசும்போது அது திரும்பி வந்து நிற்கும். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. "கவனித்துக்கொண்டிருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அண்ணாச்சி கேட்டார்: "மக்கா, 85-ன்னு சொன்னானே, எதுல 85?" அன்றைக்கு முழுக்கக் கேட்ட கேள்விகளில் சிறந்தது அதுதான். இத்தாலியர் பேசியது 'ரேசா'வைப் பற்றி. 'ரேசா' என்றால் கிடைக்கும் பலன். (விலைப்பட்டியலில் அதே சொல் சரக்கை எங்கே ஒப்படைப்பது என்பதையும் குறிக்கும், அது தனித் தலைவலி.) அவர் அளப்பது உடைக்கும் மெஷினின் வாயில். அண்ணாச்சி அளப்பது டின்னில் அடைக்கும்போது. நடுவில் போர்மா இருக்கிறது, தொலி உரிப்பது இருக்கிறது, அங்கேயும் பருப்பு உடையும். உரிக்கும்போது பத்தில் ஒன்று உடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 85 என்பது டின்னுக்கு வரும்போது 76.5. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் வேறு வேறு வாசலில் நின்று எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். முதல் தடவை உடையாமல் திரும்பப் போடும் கொட்டையைக் கணக்கில் சேர்த்தார்களா என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் கேட்டு, பதிலை இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டார்கள்.

இங்கே ஓர் எல்லை இருக்கிறது. '85 டின்னில் வராது' என்று அண்ணாச்சியிடம் ரகசியமாக நான் சொல்லக்கூடாது. அது ஆலோசகர் வேலை. ஆனால் ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கும்போது, "மொழிபெயர்ப்பாளராக ஒரு விளக்கம் கேட்கிறேன்" என்று இரண்டு மொழியிலும் அறிவித்துவிட்டுக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதேபோல அண்ணனும் தம்பியும் தமிழில் தங்களுக்குள் விலை பேசினால் அது அவர்கள் சொத்து. "என்ன சொல்கிறார்கள்?" என்று இத்தாலியர் கேட்டால், "தங்களுக்குள் கலந்து பேசுகிறார்கள்" என்பதுதான் பதில். இதையும் காலையிலேயே இரண்டு பக்கமும் சொல்லிவைத்துவிட்டால் பிற்பகலில் சங்கடம் இருக்காது.

ஆகவே என் கருத்து இது. விற்கும் கம்பெனியே ஆள் தருகிறது, இலவசம் என்று சந்தோஷப்பட்டு, அவர்கள் விற்பனைப் பிரிவு ஆளையே மொழிபெயர்க்க விடாதீர்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. 'எதுல 85?' என்று கேட்பது அவர் வேலை இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளை, "பள்ளிக்கூடத்தில் இத்தாலியன்தானே படிக்கிறாய்" என்று இதற்கு அனுப்பவும் வேண்டாம். பத்துப் பெரியவர்கள் நடுவே கையைக் காட்டி நிறுத்தும் தைரியம் பதினாறு வயசுக்கு வராது. நீங்களே போகிறீர்களா? ஒரு நாள் முன்னதாக அவர்கள் தொழிலைப் பார்த்துவிட்டு, கெட்டி அட்டை நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள். எண் வந்ததும் பேசாமல், நிபந்தனைக்காகக் கொஞ்சம் காத்திருங்கள்.

இப்படி ஊர்க்காரர்களுக்குத் துணைக்குப் போன அனுபவம் இருந்தால் நீங்களும் எழுதுங்களேன். உங்கள் ஊரில் தொலிக்கு என்ன சொல்வார்கள் என்பதையும் சேர்த்து :-)