மூன்று பெண்களும் மூன்று பார்வைகளும்

ஓர் ஓவியம் எந்த வர்க்கத்தைக் காட்டுகிறது, எந்த ஆண்டில் வரையப்பட்டது என்று தெரிந்தால் போதும். கோடு, வர்ணம் பற்றிய பேச்செல்லாம் சீமான்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. இது தவறு. ஏன் தவறு என்பதை ஒரே ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம்.

பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857-ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த படம் அது. அறுவடை முடிந்த கோதுமை வயல். உதிர்ந்து கிடக்கும் கதிர்களை மூன்று ஏழைப் பெண்கள் பொறுக்குகிறார்கள். இருவர் குனிந்திருக்கிறார்கள், மூன்றாமவள் பாதி நிமிர்ந்திருக்கிறாள். வெகு தூரத்தில் கதிர்ப் போர்கள், பாரம் ஏற்றிய வண்டி, குதிரைமேல் ஒரு காரியஸ்தன்.

முதல் வழி உருவத்தை மட்டும் பார்ப்பது. ஜெர்மன் மொழியில் எழுதிய வோல்ஃப்லின் என்ற அறிஞர் 1915-ல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு முறை வகுத்தார். கதையை மறந்துவிட்டுப் பாருங்கள். குனிந்த இருவரின் முதுகும் தொடுவானத்துக்குக் கீழேயே அடங்குகிறது. மூன்றாமவளின் தலையும் அதையொட்டியே நின்றுவிடுகிறது. மண் அவர்களை விடவில்லை. பொன்னொளி முழுவதும் தூரத்துப் போர்கள்மேல் விழுகிறது; இவர்கள் முகங்களோ நிழலில். ஆனால் படத்தில் பெரியவர்கள் இவர்களே. காரியஸ்தன் விரல் நுனியளவுதான். இத்தனையும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இவர்கள் யார், ஏன் பொறுக்குகிறார்கள் என்று உருவம் சொல்லாது.

இரண்டாவது வழி, காட்சிக்குப் பின்னால் உள்ள பழங்கதையையும் கருத்தையும் தேடுவது. பனோஃப்ஸ்கி 1939-ல் இதை விளக்கி எழுதினார். கதிர் பொறுக்கும் பெண் என்றால் பிரெஞ்சுக்காரருக்கு பைபிளில் வரும் ரூத் நினைவுக்கு வருவாள். நிலச்சொந்தக்காரன் போவாஸ் அவளுக்கு இரங்கிக் கதிர் பொறுக்க விடுகிறான். பிறகு அவளையே மணக்கிறான். மில்லேயே இந்தக் கதையை வைத்து ஒரு படம் வரைந்து 1853-ல் காட்சிக்கு வைத்திருந்தார். அதில் நிலக்காரன் அந்தப் பெண்ணை அறுவடைக்காரரிடம் அழைத்து வருகிறான். 1857-ன் படத்தில் போவாஸ் எங்கே? இல்லை. அவன் இடத்தில் காரியஸ்தன், அதுவும் முதுகுக்குப் பின்னால், தூரத்தில். இரக்கத்தின் கதையிலிருந்து இரக்கப்படுகிறவனை எடுத்துவிட்டார் ஓவியர். இந்த வழியிலும் ஓர் அபாயம் உண்டு. படத்தில் இல்லாத ரூத்தை இருப்பதாக நினைத்து, 'பக்திப் படம்' என்று சொல்லிவிடலாம்.

மூன்றாவது வழி சமூக வரலாறு. கதிர் பொறுக்குவது ஏழைகளின் பழைய உரிமை. அதற்கும் வேலி போட்டிருந்தார்கள். அறுவடை முழுவதும் அகற்றப்படாத வயலில் பொறுக்கினாலும், சூரியோதயத்துக்கு முன்னோ அஸ்தமனத்துக்குப் பின்னோ பொறுக்கினாலும் 1810-ன் தண்டனைச் சட்டப்படி அபராதம். 1848 ஜூனில் பாரிஸ் தொழிலாளர் எழுச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டு ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆகவேதான் ஒரு பத்திரிகை விமர்சகருக்கு அந்த மூன்று பெண்களின் பின்னே கலகக்காரரின் ஈட்டிகளும் 1793-ன் கொலைமேடையும் தெரிந்தன. படத்தில் ஈட்டி எதுவும் இல்லை. பயம் பார்த்தவர் மனத்தில் இருந்தது.

அப்படியானால் மூன்றாவது வழி மட்டும் போதுமா? சோதித்துப் பார்ப்போம். இரண்டே ஆண்டு கழித்து, 1859-ல், ப்ரெடோன் என்ற ஓவியர் இதே பொருளை வரைந்தார். அதே நாடு, அதே சட்டம், அதே ஏழைப் பெண்கள். பொழுது சாய்ந்தது, பொறுக்கியது போதும் என்று கூவி அழைக்கும் வயற்காவலன்கூட அதில் இருக்கிறான். அதாவது சட்டமே ஆளாக நிற்கிறது. ஆனால் யாரும் நடுங்கவில்லை. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அதை வாங்கிக்கொண்டார்!

சமூக வரலாறு இரண்டுக்கும் ஒன்றே. வேறுபாடு உருவத்தில் இருக்கிறது. ப்ரெடோனின் பெண்கள் நிமிர்ந்து, அந்தி ஒளியில் சிலைபோல் நடந்து வருகிறார்கள், வேலை முடிந்துவிட்டது. மில்லேயின் பெண்களுக்கு வேலை முடியவே இல்லை. முதுகு நிமிரவே இல்லை. ஒன்றில் வறுமை அழகான காட்சி. மற்றதில் அது உடம்பின் வலி. இதைக் கோட்டையும் ஒளியையும் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆகவே தோழர்களே, முதலில் கண்ணால் பாருங்கள்: எது பெரிது, எது சிறிது, ஒளி யார் மேல்? பிறகு, பார்த்தவர்கள் எந்தக் கதையை எதிர்பார்த்து வந்தார்கள் என்று கேளுங்கள். கடைசியில், அந்த எதிர்பார்ப்பு உடைந்தபோது கோபப்பட்டவர் யார், அவர் காப்பாற்ற நினைத்தது எதை என்று கேளுங்கள். சமூக வரலாறு பதில் சொல்லும் கேள்வி அதுவே. ஆனால் முதலிரண்டு கேள்விகளைத் தாண்டிக் குதித்து வருகிறவனுக்கு மில்லேயும் ஒன்றுதான், ப்ரெடோனும் ஒன்றுதான். அரசன் வாங்கிய படத்துக்கும் அரசனின் ஆட்கள் அஞ்சிய படத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் எந்த வர்க்கத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?